4,610 பேரா, 632 பேரா: களப்பணியை எண்ணில் சொல்வது

கேள்வி: சார், ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். நாலு ஊரில் ஆடு வளர்ப்பு, ஊட்டச்சத்துக் கூட்டம், மருத்துவ முகாம், ஊருணி தூர்வாருதல் என்று வேலை நடக்கிறது. அடுத்த மாதம் சி.எஸ்.ஆர். என்ற சமூகப் பொறுப்புப் பணம் கொடுத்த கம்பெனியிலிருந்து வருகிறார்கள், நான்தான் பேச வேண்டும். பதிவேடுகளைக் கூட்டினால் பயனாளிகள் 4,610 வருகிறது. ஆனால் நாலு ஊரிலும் சேர்த்தே 2,900 பேர்தான். பணம் 31 லட்சம் கையாண்டதாக நான் எழுதியிருக்கிறேன், அக்கவுண்டன்ட் 14 லட்சம்தான் என்கிறார். எந்த எண்ணைச் சொல்வது, எப்படிச் சொல்வது? தாள்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

ஆட்கள் 632 பேர். அதோடு கூட்டாமல், தனியாக 210 குடும்பங்கள். பணம் வந்தது 16 லட்சம், செலவு 14 லட்சம். நீங்கள் அனுப்பிய தாள்களிலிருந்தே இந்த எண்கள் வருகின்றன. எப்படி வருகின்றன என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வருகிறவர்கள் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.

4,610 எப்படி வந்தது என்று பார்த்தேன். ஆடு வளர்ப்புப் பயிற்சி வருகை 340. ஆடு வாங்கிய 120 பெண்களின் குடும்பத்துக்கு நாலு பேர் என்று பெருக்கி 480. ஊட்டச்சத்துக் கூட்டம் ஓர் ஆண்டில் நாலு ஊரிலும் 48 நடந்திருக்கிறது, அந்த வருகை 1,680. இரண்டு மருத்துவ முகாம் டோக்கன் 610. ஊருணி தூர்வாரிய இரண்டு ஊர்களின் மொத்த மக்கள்தொகை 1,500. ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாகப் பார்த்தால் பொய் இல்லை. ஆனால் ஒன்று வருகை, ஒன்று டோக்கன், ஒன்று ஊகித்துப் பெருக்கியது, ஒன்று ஊர் முழுக்க உள்ள தலைக்கணக்கு. இவற்றைக் கூட்டியதில்தான் கோளாறு.

ஊட்டச்சத்துக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெண் மாதாமாதம் வந்தால் பதிவேட்டில் 12 கையெழுத்து இருக்கும். கையெழுத்துகள் 1,680 என்றாலும் வந்த பெண்கள் 262 பேர்தான். 1,680-ஐ மறைக்க வேண்டியதில்லை, "48 கூட்டங்கள், மொத்த வருகை 1,680" என்று சொல்லலாம். நீங்கள் எவ்வளவு வேலை செய்தீர்கள் என்பதற்கான அளவு அது. எத்தனை பேருக்கு அந்த வேலை போய்ச் சேர்ந்தது என்பதற்கு 262-தான் பதில். அதோடு இன்னொரு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 12 கூட்டத்தில் பாதிக்காவது, அதாவது ஆறு கூட்டத்துக்காவது வந்தவர்கள் 141 பேர். என்னைக் கேட்டால் மூன்றிலும் முக்கியமானது இதுதான். ஒரே ஒரு தடவை வந்து உட்கார்ந்துவிட்டுப் போனவருக்கு முருங்கைக்கீரையும் கேழ்வரகும் பற்றிச் சொன்னது ஒட்டியிருக்கும் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

அப்புறம் திட்டங்களுக்கு இடையே வரும் இரட்டைக் கணக்கு. ஆடு வாங்கிய 120 பேரில் 74 பேர் ஊட்டச்சத்துக் கூட்டத்துக்கும் வந்திருக்கிறார்கள். ஆக இரண்டிலும் சேர்த்து 120 + 262 − 74 = 308 பெண்கள். முகாம் டோக்கன் 610 என்றாலும் இரண்டு முகாமுக்கும் வந்தவர்களைக் கழித்தால் 455 பேர், அதில் 131 பேர் ஏற்கெனவே அந்த 308-க்குள் இருக்கிறார்கள். 308 + 455 − 131 = 632. பெயர் சொல்லி, வீடு காட்டி, "இவரிடம் நாங்கள் நேரடியாக வேலை செய்தோம்" என்று சொல்லக்கூடியவர்கள் இவ்வளவு பேர். 2,900 பேர் இருக்கும் ஊர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். இது சின்ன எண் இல்லை.

இந்தக் கணக்கைப் பெயரை வைத்துப் போட முயற்சி செய்யாதீர்கள். உங்கள் பதிவேட்டில் ஒருவரே முத்துலட்சுமி, முத்துலெட்சுமி, மு.லட்சுமி என்று மூன்று விதமாக இருக்கிறார். இன்னொரு பக்கம் ஒரே தெருவில் மூன்று காளீஸ்வரி இருக்கிறார்கள். ஒரு மாதம் அப்பா பெயரின் முதலெழுத்து, அடுத்த மாதம் கணவர் பெயரின் முதலெழுத்து. இதற்கு ஒரே வழி, ஊர்-வீடு-ஆள் என்று நீங்களே ஒரு குறியீடு கொடுப்பது: `K-014-03` என்றால் K ஊர், 14-ஆவது வீடு, மூன்றாவது ஆள். உங்கள் தன்னார்வலர்கள் எடுத்த குடும்பப் பட்டியல் இருக்கிறதே, அதில் வரிசை எண் போட்டாலே போதும். ஆதார் எண் வேண்டாம். அதை வாங்கி எக்செல்லில் வைத்து ஊழியர்களின் போனில் எல்லாம் சுற்றவிடுவது தேவையில்லாத ஆபத்து, இந்த வேலைக்கு அது அவசியமும் இல்லை.

வருகையை எக்செல்லில் ஏற்றி, குறியீடு A பத்தியில் இருந்தால், தனி ஆட்கள் எத்தனை பேர் என்பதை இந்த ஒரு வரி சொல்லிவிடும்:

```
=SUMPRODUCT(1/COUNTIF(A2:A1681,A2:A1681))
```

நடுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் `#DIV/0!` என்று வரும். அதுவும் நல்லதுக்குத்தான், குறியீடு போடாத வரி எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். தேடிப் போட்டுவிடுங்கள். புதிய எக்செல் இருந்தால் `=COUNTA(UNIQUE(A2:A1681))` இன்னும் எளிது, ஆனால் அது காலிக் கட்டங்களையும் ஓர் ஆளாக எண்ணிவிடும், கவனம். இரண்டு திட்டங்களிலும் இருப்பவர்களைப் பிடிக்க, ஆடு பட்டியல் `Goat` என்ற தாளில் இருந்தால், கூட்டப் பட்டியலில் ஒவ்வொருவரையும் ஒரு வரியாக வைத்து, பக்கத்துப் பத்தியில் `=COUNTIF(Goat!A:A,A2)` போடுங்கள். பூஜ்யம் வராத வரிகள்தான் அந்த 74.

இப்போது ஊருணி. இரண்டு ஊர்களிலும் சேர்த்து 360 வீடு, 1,500 பேர். ஊருணி ஊருக்குப் பொதுதானே, எல்லோரும் பயனாளிதானே என்று தோன்றும். ஆனால் உங்கள் குடும்பப் பட்டியலிலேயே "தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள்" என்று ஒரு பத்தி இருக்கிறது. அதில் 210 வீடுகள்தான் இந்த இரண்டு ஊருணிகளையும் சொல்லியிருக்கின்றன. மற்றவர்கள் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயையோ ஊரின் இன்னொரு பக்கத்துக் குளத்தையோ நம்பியிருக்கிறார்கள். ஆகவே "210 குடும்பங்கள் இந்தத் தண்ணீரை எடுக்கின்றன" என்பதுதான் சரியான வாக்கியம். குடும்பத்தை நாலால் பெருக்கி ஆள் ஆக்க வேண்டாம், 632-உடன் கூட்டவும் வேண்டாம். அளவு வேறு, ஆதாரம் வேறு. அந்த 120 பெண்களின் குடும்பத்துக்கு 480 என்று போட்டதற்கும் இதே பதில்தான். ஆடு வந்ததால் வீட்டில் பிள்ளைக்கும் நல்லது நடந்திருக்கலாம், ஆனால் நடந்ததா என்று நீங்கள் போய்ப் பார்க்காதவரை அது உங்கள் எண் அல்ல.

ஊருணியில் ஆட்களின் எண்ணிக்கையைவிட வேலையின் அளவைச் சொல்வது பொருத்தம். உங்கள் குறிப்பில் ஒரு ஊருணி 80 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம், சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழம் வெட்டியதாக இருக்கிறது. பெருக்கினால் 7,200 கன மீட்டர், அதாவது 72 லட்சம் லிட்டர் கூடுதல் கொள்ளளவு. அந்த எண்ணை அப்படியே சொல்லாதீர்கள். கரை சரிவாக இருப்பதால் அடியில் நீளமும் அகலமும் குறையும், உண்மையான அளவு இதைவிடக் கம்மிதான். "ஒன்றரை மீட்டர்" என்பது எதிலிருந்து அளந்தது என்றும் கேட்பார்கள். தூர்வாரும் முன் கரையில் ஒரு கல்லை நிலையான குறியாக வைத்து, அதிலிருந்து பல இடங்களில் தரைமட்டம் எடுத்து, வேலை முடிந்ததும் அதே இடங்களில் மறுபடி எடுத்திருந்தால்தான் அந்த ஆழத்துக்கு ஆதாரம். ஐப்பசி மழை பெய்து ஊருணி நிரம்பிவிட்டால் அடுத்த கோடைவரை யாராலும் அளக்க முடியாது. முன்னளவு எடுத்த தாள் இருந்தால் அதை வெளியே வையுங்கள். இல்லை என்றால் கன மீட்டர் கணக்கே வேண்டாம், ஜே.சி.பி. ஓடிய மணி நேரத்தையும் டிராக்டர் நடையையும் சொல்லுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். நீங்கள் எழுதிய 31 லட்சத்தில் கம்பெனி கொடுத்தது 16 லட்சம், ஆடு வாங்கிய பெண்களின் குழுக்கள் வங்கியில் வாங்கிய கடன் 12 லட்சம், ஊர்க்காரர்கள் ஊருணிக்குப் போட்ட பணம் 1,20,000, ஊராட்சி நூறு நாள் வேலையில் செய்த கரை வேலை 1,80,000. நாலுக்கும் சொந்தக்காரர்கள் வேறு வேறு. நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டது முதல் 16 லட்சத்துக்கும், ஊர்க்காரர்கள் பணம் உங்கள் கணக்கு வழியாக வந்திருந்தால் அந்த 1,20,000-க்கும் மட்டும்தான்.

வங்கிக் கடனை "கையாண்ட நிதி" என்று எழுதுவது நம் வட்டாரத்தில் ரொம்பப் பழகிப்போன வழக்கம். நான் இதைக் கடுமையாகவே எதிர்ப்பேன். எட்டுக் குழு, குழுவுக்கு 15 பெண்கள், குழுவுக்கு ஒன்றரை லட்சம் கடன். அந்தப் பணத்தை மாதாமாதம் திருப்பிக் கட்டப்போவது அந்தப் பெண்கள். அது அவர்கள் தலையில் உள்ள கடன், உங்கள் சாதனைப் பட்டியலில் ஏற வேண்டிய நிதி அல்ல. அதைச் சொல்ல வேண்டிய இடம் வேறு: "எங்கள் உதவியோடு எட்டுக் குழுக்கள் 12 லட்சம் வங்கிக் கடன் பெற்றன, இதுவரை இவ்வளவு திருப்பியிருக்கின்றன, தவணை தவறிய குழுக்கள் இத்தனை." திருப்பிய தொகையைச் சொல்லாமல் வாங்கிய தொகையை மட்டும் சொன்னால் அனுபவம் உள்ளவர்கள் உடனே கேட்பார்கள். போவதற்கு முன் எட்டுக் குழுவின் கடன் பாஸ்புக்கிலும் பதிவு போட்டு வாங்கிவிடுங்கள்.

இனி அந்த 16 லட்சம். உங்கள் அக்கவுண்டன்ட் தாளில் இருப்பது: குழுக்களுக்குச் சுழல் நிதி 6,00,000, ஊருணி 4,20,000, முகாமும் கூட்டங்களும் 1,30,000, ஊழியர் சம்பளமும் பயணமும் 1,90,000, அலுவலகச் செலவு 60,000. மொத்தம் 14 லட்சம். மீதி 2 லட்சத்தில் 1,35,000 வங்கியில் இருக்கிறது, 65,000 முன்பணமாக வெளியே நிற்கிறது. அந்த 65,000-தான் உங்களுக்கும் அவருக்கும் நடக்கும் சண்டையின் வேர் என்று நினைக்கிறேன். ஜே.சி.பி.காரருக்கு 40,000 கொடுத்தாயிற்று, பில் வரவில்லை. ஆட்டு வண்டி வாடகைக்கு ஊழியர் ஒருவர் 25,000 எடுத்தார், வவுச்சர் வைக்கவில்லை. உங்கள் பார்வையில் பணம் போய்விட்டது. கணக்கில் அது இன்னும் போகவில்லை. அவர் சொல்வதுதான் சரி. பில் வந்து, அதற்குரிய பட்ஜெட் தலைப்பில் ஏறும்வரை முன்பணம் செலவாகாது.

இதில் கம்பெனிக்காரர்கள் கறாராக இருக்கக் காரணம் உண்டு. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவின் கீழ் வரும் பணம் இது. கொடுத்த பணம் சொன்ன வேலைக்குச் சொன்ன விதத்தில் செலவானது என்று அந்தக் கம்பெனியின் தலைமை நிதி அதிகாரி சான்று தர வேண்டும் என்று சி.எஸ்.ஆர். விதிகள் சொல்கின்றன. நீங்கள் 14,65,000 செலவு என்று எழுதிக்கொடுத்தால் அதை நம்பித்தான் அவர் கையெழுத்துப் போடுவார். மார்ச் 31 நெருங்கினால் இன்னும் கறார். தொடர் திட்டமாக இருந்தால், ஆண்டு முடிந்து 30 நாளுக்குள் அவர்கள் தங்கள் பக்கம் செலவாகாத தொகையைத் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றியாக வேண்டும். அதற்கு உங்கள் பக்கத்து உண்மையான மீதி அவர்களுக்குத் தெரிய வேண்டும். மீதி இருக்கிறது என்று சொல்வது தோல்வி என்று நினைக்காதீர்கள். ஏன் இருக்கிறது, எந்த மாதம் எதற்குப் போகும் என்று சேர்த்துச் சொன்னால் போதும்.

இன்னொன்று, உங்கள் அலுவலகச் செலவு 60,000 ஐந்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். விதியில் வரும் அந்த ஐந்து சதவீதம் கம்பெனி தன் சொந்த சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்கான வரம்பு. உங்களுக்கான வரம்பு நீங்கள் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். வெளிநாட்டு நன்கொடைப் பணமாக இருந்தால்தான், அதற்கான சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வந்த 20 சதவீத நிர்வாக வரம்பு உங்கள் மேல் நேராக விழும்.

சுழல் நிதி 6 லட்சம் பற்றிக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். குழுக் கணக்குக்கு மாற்றியதும் உங்கள் புத்தகத்தில் அது செலவு. ஆனால் பணம் அங்கே போய் என்ன ஆனது என்பது உங்கள் புத்தகத்தில் தெரியாது, குழுவின் தீர்மான நோட்டில்தான் தெரியும். ஒவ்வொரு பெண்ணுக்கும் 5,000 ரூபாய், அதோடு வங்கிக் கடன் 10,000 சேர்த்து 15,000-க்கு இரண்டு ஆடு. தீர்மானம், பெற்றுக்கொண்ட கையெழுத்து, ஆடு வாங்கிய ரசீது, இந்த மூன்றும் எட்டுக் குழுவிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம், பெண்கள் 5,000-ஐக் குழுவுக்குத் திருப்பிக் கட்டி, அது அடுத்தவருக்குக் கடனாகப் போகிறது அல்லவா, அந்த இரண்டாவது சுற்றைப் புதிய நிதி போல மறுபடி கூட்டிவிடாதீர்கள். 6 லட்சம் எத்தனை முறை சுற்றினாலும் கொடுத்தது 6 லட்சம்தான். எத்தனை பேர் கைக்குப் போனது என்பதை வேண்டுமானால் தனியாகச் சொல்லலாம்.

உங்கள் தாள்களைப் பார்த்ததில் உண்மையிலேயே எனக்குக் கவலை தந்த இடம் ஒன்றே ஒன்று. ஒரே ஊருணியில் உங்கள் ஜே.சி.பி. வேலையும் ஊராட்சியின் நூறு நாள் வேலையும் வருகின்றன. நூறு நாள் வேலையில் ஆள் வேலையைக் குறைக்கும் இயந்திரத்தை இறக்கக்கூடாது, ஒப்பந்தக்காரரும் கூடாது. ஜே.சி.பி. ஓடிய அதே நாளில், அதே இடத்தில் மஸ்டர் ரோல் என்ற வேலையாட்கள் வருகைப் பதிவும் ஓடியிருந்தால், இயந்திரம் செய்த வேலைக்கு ஆள் கணக்கு எழுதியதாகவே எவரும் படிப்பார்கள். நீங்கள் நல்ல எண்ணத்தோடு "1,80,000 ஊராட்சிப் பங்களிப்பு" என்று ஸ்லைடில் போட, அது ஊராட்சிக்கும் அங்கே வேலை செய்த பெண்களுக்கும் வம்பாகிவிடும். உங்கள் குறிப்பின்படி ஜே.சி.பி. ஊருணியின் உட்புறத்தில் மாசி கடைசியில் ஓடியது, நூறு நாள் ஆட்கள் கரையைப் பலப்படுத்தியது வைகாசியில். அப்படியென்றால் பிரச்சினை இல்லை, ஆனால் அதைத் தேதியோடும் இடத்தோடும் தனித்தனியாக எழுதிவையுங்கள். ஜே.சி.பி. மீட்டர் காலையில் காட்டிய எண், சாயங்காலம் காட்டிய எண், ஊர்க்காரர் ஒருவர் கையெழுத்து என்று நாள்வாரி லாக் தாள் இருக்க வேண்டும். பாக்கி பில் கேட்கும்போது அந்தத் தாளையும் சேர்த்தே கேளுங்கள். ஊருணிக்கு ஆன முழுத் தொகை 7,20,000, அதில் கம்பெனிப் பணம் 4,20,000 என்று பிரித்துச் சொல்லுங்கள். முழு ஊருணியும் கம்பெனிப் பணத்தில் ஆனது போலப் பெயர்ப்பலகை வைத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

ஆட்டுத் திட்டத்தில் 120 பேருக்குக் கொடுத்தோம் என்பதோடு நிறுத்தாதீர்கள். வாங்கிய 240 ஆட்டில் இன்று உயிரோடு பெண்களிடம் இருப்பது 171, விற்றது 38, செத்தது 31. இது உங்கள் தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது. முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். செத்த 31-இல் 19-க்குத்தான் இன்சூரன்ஸ் கேட்டிருக்கிறீர்கள், மற்ற 12 ஆட்டுக்கு அடையாளக் காதுத் தோடு விழுந்துபோனதால் கேட்க முடியவில்லை என்று ஊழியர் எழுதியிருக்கிறார். தோடு இல்லாத ஆட்டுக்குக் கிளெய்ம் கிடைக்காது என்பது தெரிந்த விஷயம். அதைத் தொலைத்தது அந்தப் பெண்ணின் குற்றமாக மட்டும் பார்க்க முடியாது. முள்வேலியில் உரசித் தோடு அறுந்து விழுவது சீமைக்கருவேலக் காட்டில் மேயும் ஆட்டுக்குச் சகஜம். விழுந்த உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லி மறுதோடு போட ஏற்பாடு இல்லாததுதான் திட்டத்தின் ஓட்டை. எந்த மாதத்தில் அதிகம் செத்தது, ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்டதற்கு முன்பா பின்பா என்று பிரித்துப் பாருங்கள். ஆடு வாங்கி வந்த முதல் சில வாரங்களிலேயே சாவு கூடியிருந்தால், சந்தையிலிருந்து நோயோடு வந்த ஆடாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த தவணையில் சந்தையில் வாங்காமல் பக்கத்து ஊர்களில் வாங்குவது, வாங்கியதும் சில நாள் தனியே கட்டிவைப்பது என்று நீங்கள் கேட்கப்போகும் மாற்றத்துக்கு இந்த 31-தான் ஆதாரம். பிறந்த குட்டிகளைத் தனி வரியில் போடுங்கள், 171-உடன் கலக்க வேண்டாம். விற்ற 38-க்கும் காரணம் கேட்டு எழுதுங்கள். வளர்த்து லாபத்துக்கு விற்றதும், தவணை கட்ட வழியில்லாமல் விற்றதும் ஒரே வரியில் வரக்கூடாது.

பேசும்போது நாலு திட்டத்துக்கும் சமமாக நேரம் பிரிக்க வேண்டாம். அவர்கள் கையில் இரண்டு பக்கத் தாள் கொடுங்கள்: முதல் பக்கத்தில் 632-உம் 210-உம் எப்படி வந்தன என்ற சிறு அட்டவணை, இரண்டாவது பக்கத்தில் பட்ஜெட், வந்தது, செலவு, முன்பணம், வங்கி மீதி. முதல் வாக்கியமாக "நாலு ஊரில் 632 பேரிடம் நேரடியாக வேலை செய்தோம், ஒருவரை ஒருமுறைதான் எண்ணியிருக்கிறோம்" என்று சொல்லுங்கள். பிறகு ஆட்டுக்குப் போய்விடுங்கள், உங்கள் பணத்தில் பெரும் பங்கு அங்கேதான் இருக்கிறது. 14 லட்சத்தை 632-ஆல் வகுத்து "தலைக்கு 2,215 ரூபாய்" என்று யாராவது கணக்குப் போட்டால் மென்மையாக மறுத்துவிடுங்கள். முகாமில் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்தவரையும் இரண்டு ஆடு வாங்கியவரையும் ஒரே தலையாக எண்ணும் சராசரி அது, ஊருணிச் செலவும் அதற்குள் கிடக்கிறது. போட்டோ போடும்போது பெண்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், முகாமுக்கு வந்தவர்களின் நோய் விவரம் பெயரோடு திரையில் வரவே கூடாது.

கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முன்னால் இதே இரண்டு பக்கத்தை ஊரில் வாசித்துவிடுங்கள். குழுக் கூட்டத்தில் ஒருமுறை, முடிந்தால் கிராம சபையிலும். வேலைக் கணக்கையும் பில்லையும் ஊர் நடுவில் உரக்கப் படிக்கும் பழக்கம் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர்-விவசாயி அமைப்பு 1994-இல் தொடங்கிய மக்கள் விசாரணைகளில் எவ்வளவு வெளியே கொண்டுவந்தது என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். நூறு நாள் வேலையின் சமூகத் தணிக்கையும் அதே முறைதான். உங்களுக்கும் சின்ன அளவில் அது நடக்கும். பட்டியலில் இருக்கும் ஒரு பெயரை வாசித்ததும் "அது திருப்பூர் போய் ஒரு வருசம் ஆச்சே" என்று ஒரு குரல் வரும். ஜே.சி.பி. மணி நேரத்தை வாசித்தால் "மாசி மகத்தன்னிக்கு வண்டி ஓடவே இல்லையே" என்பார்கள். அந்த நாளுக்கு லாக் தாளில் மணி எழுதியிருந்தால் பாக்கி பில்லைக் கொடுக்குமுன் பிடித்துவிடலாம். அலுவலகத்தில் உட்கார்ந்து எத்தனை வவுச்சர் பார்த்தாலும் இது தெரியவராது. வாசிக்கும்போது ஆள்வாரிக் கடன் பாக்கியைச் சபையில் படிக்காதீர்கள், அது குழுவுக்குள் மட்டும்.

கடைசியாக, போன வருட அறிக்கை. உங்களுக்கு முன் இருந்தவர் பழைய முறையில் 3,900 பயனாளிகள் என்று அனுப்பியிருப்பதைப் பார்த்தேன். இந்த வருடம் 632 என்றால் திட்டம் சுருங்கிவிட்டதாகத் தெரியும் என்ற பயம் நியாயமானது. அதற்காக இந்த வருடமும் ஊதக்கூடாது. போன வருடப் பதிவேடுகள் கையில் இருந்தால் அதே குறியீட்டைப் போட்டு அந்த வருடத்தையும் மறுபடி எண்ணி, இரண்டு வருடங்களையும் ஒரே முறையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பதிவேடு கிடைக்கவில்லை என்றால், போன வருட எண் வருகைகளைக் கூட்டியது, இந்த வருடம் ஆட்களை எண்ணியிருக்கிறோம், இரண்டையும் ஒப்பிட வேண்டாம் என்று அட்டவணைக்குக் கீழேயே ஒரு வரி எழுதுங்கள். இதை உங்கள் இயக்குநரிடம் இந்த வாரமே பேசி, கம்பெனிக்கும் அவர் பெயரில் முன்கூட்டி ஒரு மெயில் போய்விட்டால் நல்லது. வந்து உட்கார்ந்த இடத்தில் முதல்முறையாகக் கேட்டால் அவர்கள் பதறுவார்கள். அந்த மெயிலிலேயே 65,000 முன்பணத்தையும், ஜே.சி.பி. பில் எந்தத் தேதிக்குள் வரும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.